ஒரு காட்சியைத் தாளில் எழுதுவது எப்படி: குறும்படத் திரைக்கதையின் வடிவம்

குறும்படம் எடுக்கப் போகிறவர்களில் பலரிடம் கதை இருக்கும், நடிக்க ஆள் இருக்கும், கேமராவும் இருக்கும். தாளில் எழுதி வைத்திருப்பது மட்டும் சிறுகதை மாதிரியோ, வெறும் வசன வரிசை மாதிரியோ இருக்கும். படப்பிடிப்பு நாளன்று அந்தத் தாளை வைத்து வேலை செய்ய முடியாது. நடிகர் தன் வசனத்தைத் தேடுவார். ஒலிப்பதிவு செய்பவருக்கு என்ன சத்தம் வேண்டும் என்று தெரியாது. சாமான் ஏற்பாடு செய்பவர் எதை வாங்க வேண்டும் என்று இயக்குநரிடம் போன் போட்டுக் கேட்டபடியே இருப்பார்.

திரைக்கதைக்கு ஒரு வடிவம் இருப்பது இதற்காகத்தான். பார்ப்பது எது, கேட்பது எது, எங்கே, எப்போது என்பதைத் தாளில் பிரித்து வைத்தால் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதை ஒரே பார்வையில் எடுத்துக்கொள்வார்கள். இந்த வடிவத்தில் இருப்பவை நான்கே உறுப்புகள்: காட்சித் தலைப்பு, காட்சி விவரிப்பு, பேசுபவர் பெயர், வசனம். தேவைப்படும் இடத்தில் வசனத்தோடு ஒரு சின்ன அடைப்புக்குறிப்பு சேரும்.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு அதைக் கதை வடிவத்திலிருந்து திரைக்கதை வடிவத்துக்குக் கொண்டுவருவோம். இடம் குடியாத்தம். லுங்கி நெய்யும் ஒருவரின் வீடு. முதலில் கதையாக எழுதியது:

> குடியாத்தத்தில் இருபத்தைந்து வருடமாகத் தறி நெய்து வரும் முருகேசன், மனைவி இறந்த பிறகு மகள் கலாவின் துணையோடுதான் தொழிலை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை கிடைத்ததை எப்படிச் சொல்வது என்று தயங்கிய கலா, ஒரு வழியாகச் சொல்லிவிட்டாள். அவருக்கு நெஞ்சை அடைத்தது. ஆனாலும் மகளின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் கேமராவால் எடுக்கக்கூடியது எது என்று பென்சிலால் அடிக்கோடு போட்டுப் பாருங்கள். 'தறி நெய்யும் முருகேசன்', 'கலா சொல்கிறாள்' இரண்டும்தான் தேறும். இருபத்தைந்து வருடம், மனைவியின் சாவு, தயக்கம், நெஞ்சடைப்பு, மனதைத் தேற்றிக்கொண்டது எதையும் லென்ஸ் பார்க்காது. இவற்றை ஒன்று கண்ணில் படும் பொருளாகவோ செயலாகவோ மாற்ற வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். வடிவம் பழக ஆரம்பித்ததும் முதலில் மாறுவது இந்தப் பார்வைதான்.

தலைப்பு வரி

ஒவ்வொரு காட்சியும் ஒரு தலைப்பு வரியோடு தொடங்கும். காட்சி எண், உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்பவை அதில் இருக்கும்.

> காட்சி 4. உள். முருகேசன் வீடு, தறிக்கூடம். பகல்.

இந்த வரியின் பயன் படிக்கும்போது தெரியாது, படப்பிடிப்புக்குத் திட்டமிடும்போது தெரியும். படம் காட்சி வரிசையில் எடுக்கப்படுவதில்லை. முருகேசன் வீட்டில் நடக்கும் காட்சிகள் 4, 9, 11 என்றால் மூன்றையும் ஒரே நாளில் எடுப்பார்கள். அதற்குத் தலைப்பு வரிகளைத் தனியே உருவி அடுக்கினாலே போதும். ஆகவே ஒரே இடத்துக்கு எல்லாக் காட்சியிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். ஒரு காட்சியில் 'தறிக்கூடம்' என்றும் இன்னொன்றில் 'வீட்டின் முன்கட்டு' என்றும் எழுதினால், உதவி இயக்குநர் அவற்றை இரண்டு இடங்களாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

இடமோ நேரமோ மாறினால் புதுத் தலைப்பு. கலா தறிக்கூடத்திலிருந்து எழுந்து தெருவுக்குப் போனால் அது அடுத்த காட்சி. ஒருவர் வாசலில் நிற்க, இன்னொருவர் உள்ளே இருந்தால் உள்ளா வெளியா என்று குழப்பம் வரும். கேமரா எங்கே நிற்கிறதோ அதுதான் விடை.

தலைப்பு வரியைச் சாதாரணமாக எழுதிவிடாதீர்கள். 'வெளி. வேலூர் கோட்டை, அகழிக் கரை' என்று எழுதச் சில நொடிகள் போதும். ஆனால் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அங்கே படம் எடுக்க முன்அனுமதி வாங்க வேண்டும். 'காட்பாடி ஜங்ஷன், முதல் பிளாட்பாரம்' என்றால் ரயில்வேயிடம் போக வேண்டும். பேச்சு மட்டுமே நடக்கும் காட்சியை அங்கே கொண்டுபோய் வைக்காமல், பாலாற்று மணலிலோ தெரிந்தவர் டீக்கடையிலோ வைத்தால் கதைக்கு என்ன குறையும் என்று ஒருமுறை யோசித்துவிட்டு எழுதலாம்.

நேரத்துக்குப் 'பகல்', 'இரவு' பெரும்பாலும் போதும். வெளிச்சத்தின் நிறம் மாற வேண்டியிருந்தால் மட்டும் 'விடியல்', 'மாலை' என்று போடுங்கள். 'காலை 10.40' என்று தலைப்பில் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. பார்வையாளருக்கு மணி தெரிய வேண்டும் என்றால் சுவரில் ஒரு கடிகாரம் வேண்டும், அந்தக் கடிகாரம் விவரிப்பில் வர வேண்டும்.

விவரிப்பில் தமிழ் செய்யும் வேலை

தலைப்புக்குக் கீழே, இட ஓரத்திலிருந்து முழு அகலத்துக்கு எழுதுவது காட்சி விவரிப்பு. நிகழ்காலத்தில் எழுத வேண்டும்: 'நெய்கிறார்', 'நிற்கிறாள்', 'தீர்கிறது'. எழுத்து நடையிலேயே எழுதுங்கள். வசனம் முழுக்கப் பேச்சு வழக்கில் இருப்பதால், விவரிப்பு எழுத்து நடையில் இருந்தால் எது யார் வாயில் வரப் போகிறது, எது வராது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆங்கிலத் திரைக்கதையில் பெயர்களையும் முக்கியமான சத்தங்களையும் பெரிய எழுத்தில் போட்டுத் தனித்துக் காட்டுவார்கள். நம் எழுத்தில் அப்படி ஒன்று இல்லை. தடித்த எழுத்து மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதைப் பாத்திரம் முதல்முறை வரும் இடத்துக்கும் தலைப்பு வரிக்கும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். எல்லாவற்றையும் தடிப்பாக்கினால் எதுவும் தனித்துத் தெரியாது.

தமிழில் விவரிப்பு எழுதும்போது பெரிய சிக்கலைத் தருவது நம் வினையெச்சங்கள். 'கலா போனைப் பார்த்து, கையை நிறுத்தி, எழுந்து வந்து, நூல் சுற்றிய தாரை எடுத்து அப்பாவிடம் நீட்டுகிறாள்' என்று ஒரே மூச்சில் எழுத நம் மொழி இடம் தருகிறது. கதையில் இது அழகு. திரைக்கதையில் ஐந்து செயல்கள் ஒரு வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. அதில் கையை நிறுத்துவதுதான் காட்சியின் உயிர் என்றால், அது இரண்டு கமாவுக்கு நடுவில் காணாமல் போகும். படிக்கும் நடிகையும் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

ஆகவே கண்ணில் தனியாகப் பட வேண்டிய செயலுக்குத் தனி வாக்கியம் கொடுங்கள். அதற்கென்று தனி ஷாட் மனதில் இருந்தால் தனிப் பத்தியே கொடுங்கள்.

> போன் திரை ஒளிர்ந்து அணைகிறது.
>
> கலாவின் கை நிற்கிறது.

'குளோசப்', 'கேமரா நகர்கிறது' என்று எதுவும் எழுதவில்லை. ஆனாலும் படிப்பவர் முதலில் போனையும் பிறகு கையையும் அருகில் பார்க்கிறார். கேமரா கோணங்களை ஷாட் பட்டியலில் தனியாக எழுதிக்கொள்ளலாம். நீங்களே இயக்குநராக இருந்தாலும் சரி, திரைக்கதைத் தாளில் அவை வேண்டாம். தறிக்கூடத்துக்குப் போய் நின்று பார்த்தபின் கோணம் மாறும். செயல் மாறாது.

வினைமுற்றின் விகுதி நமக்கு ஒரு வசதியையும் தருகிறது. முருகேசனுக்கு 'நெய்கிறார்', கலாவுக்கு 'நிற்கிறாள்' என்று வைத்துக்கொண்டால், எழுவாயை விட்டாலும் யார் செய்கிறார் என்று தெரியும். முதல் காட்சியில் யாருக்கு 'ஆர்', யாருக்கு 'ஆன்' என்று முடிவு செய்தால் கடைசிவரை அதை மாற்றக் கூடாது. காட்சியில் இரண்டு அண்ணன் தம்பிகள் இருந்து இருவருமே 'எழுகிறான்', 'போகிறான்' என்றால் ஒவ்வொரு வாக்கியத்திலும் பெயர் வேண்டும். 'அவன்' என்று எழுதிவிட்டு நடிகர்களை ஊகிக்க விடக் கூடாது.

இப்போது கதையில் இருந்த 'மனைவி இறந்த பிறகு' என்பதை எடுத்துக்கொள்வோம். அதைக் கலாவின் வாயில் திணிப்பது எளிது. 'அம்மா செத்த அப்பறம் நீ தனியா' என்று மகள் அப்பாவுக்கே தெரிந்ததை அவரிடம் சொல்லும் வசனம் பார்வையாளருக்காகச் சொல்லப்படுவது என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பதில் வீட்டில் இரண்டு தறிகளை வைக்கலாம். ஒன்று ஓடுகிறது. இன்னொன்றின் மேல் ஒரு பழைய புடவை போர்த்தி, அதன்மேல் குடமும் பாயும் ஏறியிருக்கின்றன. அம்மா இறந்தாள் என்று இதை மட்டும் வைத்துப் பார்வையாளர் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முன்பு இரண்டு பேர் செய்த வேலையை இப்போது ஒருவர் செய்கிறார் என்று புரியும். இந்தக் காட்சிக்கு அதுவே போதும். சாவு தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அதை வேறு காட்சி சுமக்கட்டும்.

பெயர், வசனம், அடைப்புக்குறி

பேசுபவர் பெயர் தனி வரியில், தாளின் நடுப்பக்கமாகத் தள்ளி வரும். அதன் கீழே வசனம், இரண்டு பக்கமும் ஓரம் விட்டு, விவரிப்பை விடக் குறுகலாக. ஒரு பாத்திரத்துக்கு ஒரே பெயர்தான். ஒரு இடத்தில் 'முருகேசன்', இன்னொரு இடத்தில் 'அப்பா' என்று போட்டால் நடிகர் தன் வசனங்களைத் தேடும்போது பாதி தப்பிப்போகும்.

தாளை நீளவாக்கில் மடித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று எழுதுவது நம் சினிமாவில் நெடுநாள் வழக்கம். எந்தச் செயலோடு எந்தப் பேச்சு சேர்கிறது என்று பக்கத்துப் பக்கத்தில் பார்க்க அது வசதி. குறும்படத்துக்கு நான் நடுவில் பெயர் வரும் ஒற்றை ஓட்டத்தையே சொல்வேன். மௌனம் அதில் நன்றாகத் தெரியும். இரண்டு வசனங்களுக்கு நடுவே இரண்டு வரி விவரிப்பு வந்தால், படிப்பவரும் அந்த இரண்டு வரி நேரம் காத்திருக்கிறார். மடித்த தாளில் வலப்பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டே போகிற நடிகருக்கு அந்த இடைவெளி தெரியாமல் போகலாம். அதோடு, இன்று தாளைப் போனில்தான் படிக்கிறார்கள். இரண்டு பக்கமாகப் பிரித்தது போன் திரையில் மிகவும் பொடியாகிவிடும்.

வசனத்தைப் பேச்சு வழக்கில் எழுதும்போது, எவ்வளவு தூரம் போவது என்ற கேள்வி வரும். குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் ஒருவர் 'என்னவாம்?' என்று கேட்க மாட்டார், 'இன்னாவாம்?' என்பார். 'வந்திருக்கிறது' என்பது 'வந்துக்கீது' ஆகும். அப்பாவை 'நைனா' என்று கூப்பிடும் வீடுகள் உண்டு. பாத்திரத்தை ஊரோடு சேர்த்துக் கட்டும் இத்தகைய சொற்களை நிச்சயம் எழுதுங்கள். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் உச்சரிப்புக்குத் தக்கபடி வளைத்து எழுதினால் முதல் வாசிப்பிலேயே நடிகர் தடுக்குவார். எல்லாச் சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தால் உணர்ச்சிக்கு இடமிருக்காது. ஒரு வரிக்கு ஒன்றிரண்டு அடையாளச் சொல் போதும். 'கீறாங்க' என்று ஒரு முறை எழுதினால் எல்லா இடத்திலும் அப்படியே எழுதுங்கள், 'கிறாங்க', 'இருக்காங்க' என்று மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் பக்கத்து நடிகராக இருந்தால் மீதியை அவர் நாக்கே பார்த்துக்கொள்ளும். வேறு ஊர்க்காரராக இருந்தால் தாளில் எழுதியதால் மட்டும் அந்த வழக்கு வந்துவிடாது. ஊர்க்காரர் ஒருவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து கொடுப்பதே வழி.

அடைப்புக்குறிப்பு பெயருக்கும் வசனத்துக்கும் நடுவில் வரும். புதிதாக எழுதுகிறவர்கள் அதில் '(சோகமாக)', '(கோபத்துடன்)', '(மனம் உடைந்து)' என்று நிரப்புவார்கள். வசனமும் சூழலும் சரியாக இருந்தால் இவை வேண்டாம். இல்லாவிட்டால் இவற்றாலும் காப்பாற்ற முடியாது. வெறும் எழுத்தாகப் படித்தால் தப்பாகப் புரியக்கூடிய இடத்தில் மட்டும் குறிப்புப் போடுங்கள், அதையும் செய்யக்கூடிய செயலாகப் போடுங்கள். '(தறியைப் பார்த்தபடி)' என்றால் நடிகருக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

பேசுபவர் திரையில் இல்லாவிட்டால் அதைப் பெயருக்குப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். வெறுமனே 'குரல்' என்று எழுதினால் மூன்று விதமாகப் புரியும். கலா அடுப்படியிலிருந்து பேசுகிறாள் என்றால் 'கலா (அடுப்படியிலிருந்து)'. போனில் என்றால் 'கலா (போனில்)'. அவள் நினைப்பதைப் பார்வையாளர் மட்டும் கேட்கிறார் என்றால் 'கலா (மனக்குரல்)'. ஒலிப்பதிவு செய்பவருக்கு இவை மூன்றும் மூன்று வேலை: முதலாவதை அங்கேயே பதிவு செய்யலாம், இரண்டாவதற்குப் போன் ஒலி வேண்டும், மூன்றாவதைப் பிறகு அமைதியான அறையில் எடுக்கலாம்.

முழுக் காட்சி

எல்லாவற்றையும் சேர்த்தால் தாளில் இப்படி இருக்கும். ஒரு விவரம் மட்டும் முன்னதாக: துணியில் குறுக்காக ஓடும் ஊடை நூலைச் சுற்றி, தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலைத் தார் என்பார்கள். அதை ராட்டையில் வீட்டில் ஒருவர் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தார் தீர்ந்தால் தறி நிற்கும்.

```
காட்சி 4. உள். முருகேசன் வீடு, தறிக்கூடம். பகல்.

ஓட்டு வீடு. இரண்டு குழித்தறிகள். ஒன்றில்
முருகேசன் (52) லுங்கி நெய்கிறார். இன்னொன்றின்
மேல் பழைய புடவை போர்த்தியிருக்கிறது. அதன்மேல்
ஒரு குடம், சுருட்டிய பாய்.

தறிச் சத்தம் சீராகக் கேட்கிறது.

கலா (20) ராட்டையின் முன் உட்கார்ந்து தார்
சுற்றுகிறாள். போன் மடியில் இருக்கிறது.

போன் திரை ஒளிர்ந்து அணைகிறது.

கலாவின் கை நிற்கிறது.

                  கலா
        நைனா.

தறிச் சத்தம் தொடர்கிறது.

                  கலா
            (சத்தத்துக்கு மேல்)
        நைனா! ஆம்பூர்ல இருந்து
        மெசேஜ் வந்துக்கீது.

                  முருகேசன்
            (தறியைப் பார்த்தபடி)
        இன்னாவாம்?

                  கலா
        திங்கக்கெழம வரச்
        சொல்லிக்கீறாங்க.

நாடாவில் நூல் தீர்கிறது. தறி நிற்கிறது.

தெருவில் ஒரு மொபெட் கடந்து போகும் சத்தம்.

                  முருகேசன்
        வேன் வருதா?

                  கலா
        கூட்ரோடு வரைக்கும் வரும்.
        காலைல ஆறு மணிக்கு.

முருகேசன் பக்கத்துக் கூடைக்குள் கை விடுகிறார்.
கூடை காலி.

                  முருகேசன்
        தாரு யாரு சுத்துவா?

கலா ராட்டையிலிருந்து தாரைக் கழற்றுகிறாள்.
பாதிதான் சுற்றியிருக்கிறது. அதை நீட்டுகிறாள்.

முருகேசன் வாங்கி நாடாவுக்குள் வைக்கிறார்.

தறிச் சத்தம் மறுபடி தொடங்குகிறது.
```

கதையில் இருந்த 'நெஞ்சை அடைத்தது' எங்கே போயிற்று என்று பாருங்கள். தறி நின்றதும் தெருச் சத்தம் கேட்கிற அந்த வரிக்குப் போயிற்று. தறி ஓடும்வரை வெளிச் சத்தம் காதில் விழாது. நின்றதும் விழுகிறது. மொபெட் வரி இல்லாவிட்டால் ஒலி செய்பவர் அங்கே ஒன்றும் வைக்க மாட்டார், சோக இசை வந்து உட்காரும். தறி மகள் சொன்னதால் நின்றதா, நூல் தீர்ந்ததால் நின்றதா என்ற சந்தேகத்தையும் அப்படியே விட்டிருக்கிறேன். நூல் தீர்வது தாளில் இருப்பதால் அதை எடுத்தாக வேண்டும், காரணத்தை முருகேசன் முகம் பார்த்துக்கொள்ளும். 'ஷூ கம்பெனி' என்ற சொல்லே வசனத்தில் இல்லை என்பதையும் கவனியுங்கள். அப்பாவுக்கும் மகளுக்கும் அது முன்பே தெரியும். முந்தைய காட்சி ஒன்றில் அவள் நேர்காணலுக்குப் போய்வந்தது பார்வையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்றால் அந்தக் காட்சியில்தான் வேலை பாக்கி, இதில் இல்லை.

இதே தாளிலிருந்து சாமான் பட்டியலும் வந்துவிடுகிறது: ஓடும் தறி, ஓடாத தறி, புடவை, குடம், பாய், ராட்டை, பாதி சுற்றிய தார், காலிக் கூடை, போன். பாதி தார் ஒன்று போதாது என்பதும் தெரியும். ஒவ்வொரு டேக்குக்கும் ஒன்று வேண்டும், நாடாவில் சரியான நேரத்தில் தீர்கிற மாதிரி கொஞ்சமே நூல் வைத்த தாரும் வேண்டும். நடிகருக்கு நெய்யத் தெரியாது என்றால் கைகளை மட்டும் நெசவாளர் ஒருவரை வைத்துத் தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.

நேரம்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது ஆங்கிலத் திரைக்கதைக்கு உரியது. அங்கே கூரியர் எழுத்துரு, 12 புள்ளி அளவு, குறிப்பிட்ட ஓரங்கள் என்று எல்லாரும் ஒரே மாதிரி தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துருவில் எல்லா எழுத்தும் ஒரே அகலம், ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து. ஆகவே பக்க எண்ணிக்கை ஏறத்தாழ நேரத்தைச் சொல்லிவிடும். தமிழில் 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலத்தில் அடங்காது. எழுத்துருவுக்கு எழுத்துரு பக்க எண்ணிக்கையும் மாறும். அதனால் கைக்கடிகாரம்தான் கணக்கு. வசனத்தை வாய்விட்டுப் படியுங்கள், விவரிப்பில் உள்ள செயல்களை உட்கார்ந்த இடத்திலேயே செய்து பாருங்கள், கூடைக்குள் கை விடுவது உட்பட. நம் காட்சியில் வசனத்தை மட்டும் படித்தால் அரை நிமிடம்கூட ஆகாது. தறி ஓடுவது, நிற்பது, தார் கைமாறுவது எல்லாம் சேர்ந்தால் அதைப் போல் பல மடங்கு ஆகும். வசனத்தை மட்டும் வைத்துப் பத்து நிமிடம் என்று கணக்குப் போட்ட படம் எடிட்டிங்கில் இருபதாக நிற்பது இப்படித்தான்.

தட்டச்சு

யூனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். டிடிபி கடையில் அடிக்கக் கொடுத்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூரியரில் தமிழ் எழுத்துகள் கிடையாது. திரைக்கதைக்கென்று உள்ள சில மென்பொருள்களில் தமிழ் கட்டம் கட்டமாக வருவதற்கு இதுதான் காரணம். எழுத்துருவை `Noto Serif Tamil`, `Nirmala UI` போன்ற ஒன்றாக மாற்றிப் பார்த்து, பிடிஎஃப் ஆக்கியும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். திரையில் சரியாக இருந்து பிடிஎஃபில் கட்டம் வருவதும் உண்டு.

சாதாரண சொற்செயலியே போதும். ஏ4 தாளில் இட ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம். வசனத்துக்கு இரண்டு பக்கமும் மேலும் ஒவ்வொரு அங்குலம் உள்ளே தள்ளுங்கள். பெயருக்கு இடப்பக்கம் இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஆங்கிலத்தில் வசனத்தை இன்னும் குறுக்குவார்கள். நம் சொற்கள் நீளம் என்பதால் அவ்வளவு குறுக்கினால் வரிக்குச் சில சொற்களே நிற்கும். இந்த உள்தள்ளலை ஸ்பேஸ் பார் தட்டிச் செய்யாதீர்கள். எழுத்துருவை மாற்றிய நொடியில் எல்லாம் கலைந்துவிடும். நான்கு உறுப்புக்கும் நான்கு `Style` அமைத்துக்கொண்டு, பெயருக்கு உரியதில் `Keep with next` போட்டுவிட்டால், பெயர் பக்கத்தின் அடியிலும் வசனம் அடுத்த பக்கத்திலும் பிரிந்து போகாது.

`Fountain` என்ற எளிய முறையும் இருக்கிறது. வெறும் உரைக் கோப்பில் சில குறிகளோடு எழுதினால், அதைப் படிக்கத் தெரிந்த செயலி திரைக்கதை வடிவத்துக்கு மாற்றித் தரும். உள், வெளி என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதும் `INT`, `EXT` போன்ற தொடக்கத்தைப் பார்த்துத் தலைப்பு என்றும், முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும் வரியைப் பார்த்துப் பெயர் என்றும் அது புரிந்துகொள்ளும். தமிழில் இந்த அடையாளம் எதுவும் இல்லாததால் நாமே சொல்ல வேண்டும். தலைப்புக்கு முன் ஒரு புள்ளி, காட்சி எண்ணின் இரண்டு பக்கமும் `#`, பெயருக்கு முன் `@`:

```
.உள். முருகேசன் வீடு, தறிக்கூடம். பகல். #4#

தறிச் சத்தம் சீராகக் கேட்கிறது.

@முருகேசன்
(தறியைப் பார்த்தபடி)
இன்னாவாம்?
```

பெயருக்கு மேலே ஒரு வெற்று வரி வேண்டும். பெயருக்கும் வசனத்துக்கும் நடுவில் வெற்று வரி கூடாது, வந்தால் வசனம் விவரிப்பாகிவிடும். விவரிப்பு எங்காவது பெயராக மாறி நடுவில் போய் நின்றால் அந்த வரிக்கு முன் `!` போடுங்கள்.

தாளை எல்லாருக்கும் கொடுத்த பிறகு காட்சி எண்ணை மாற்றாதீர்கள். 4-க்கும் 5-க்கும் நடுவில் கலா கூட்ரோட்டில் வேனுக்குக் காத்திருக்கும் காட்சி ஒன்று புதிதாகச் சேர்ந்தால் அது 4அ. காட்சி 7 வேண்டாம் என்று முடிவானால் எண்ணை அப்படியே விட்டு, பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று எழுதுங்கள். 8-ஐ 7 ஆக்கினால், பழைய தாளை வைத்திருக்கும் நடிகர் வேறு காட்சியின் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்பார்.